ஐந்து பேருக்கும் பன்னிரண்டு

துறைமுகப் பக்கத்து ஏற்றச் சுவர்ப் பிள்ளைகளுக்கும், வருகிற போட்டிக்குக் கோப்பை வாங்கி வைத்திருக்கும் குழுவினருக்கும்,



போன சனிக்கிழமை தோணிக் கொட்டகையில் நடந்த பரீட்சார்த்தப் போட்டி முடிந்து நான் வீட்டுக்குப் போக எழும்பியபோது, உங்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கு எழுதியவன் களவு செய்துவிட்டான் என்று நினைத்தீர்கள். நாற்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவனுக்கு அந்தப் பார்வை புதிதில்லை. ஆனால் வழமையாக அது சோதனைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வரும்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், வராதவர்களுக்கும் விளங்கட்டும். ஐந்து பிள்ளைகள், மூன்று பிரிவுகள். ஸ்பீட், போல்டரிங், லீட். ஒவ்வொன்றிலும் எடுத்த இடத்தை மூன்றும் சேர்த்துப் பெருக்குவது, ஆகக் குறைந்த எண் வந்தவருக்குக் கோப்பை. ஒலிம்பிக்கில் இப்படித்தான் செய்தார்கள் என்று நீங்களே சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். லீட்டில் கடைசியாக ஏற ஒரே ஒரு பிள்ளைதான் மிச்சம், எங்கள் ஐவரில் ஆகச் சின்னவள். அந்த நேரத்தில் கொப்பியில் இருந்தது இதுதான். பச்சைச் சட்டைத் தம்பி ஸ்பீடில் 3, போல்டரிங்கில் 3, லீட்டில் 1. பெருக்கினால் 9. உப்புவெளித் தங்கச்சி 1, 5, 2. பெருக்கினால் 10. தம்பியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். இறக்குவதற்குள் சின்னவள் சுவரின் உச்சியைத் தொட்டுவிட்டாள். லீட்டில் முதலிடம் அவளுக்கு. தம்பி இரண்டுக்கு இறங்க 3 × 3 × 2 = 18. உப்புவெளித் தங்கச்சி மூன்றுக்கு இறங்க 1 × 5 × 3 = 15. கோப்பை இடம் மாறிவிட்டது. அதற்கிடையில் 16 எடுத்து இன்னொருவர் நுழைய, தோளில் இருந்த தம்பி மூன்றாவதாகத் தரையில் இறங்கினான். சின்னவளுக்கு 5 × 4 × 1 = 20. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் கிடைக்க வேண்டியது யாருக்கு என்பதை அவள்தான் தீர்மானித்தாள்.

தம்பி கேட்ட கேள்வி நியாயமானது. “சேர், நானும் அக்காவும் இரண்டு பேருமே ஒரு இடம்தானே கீழே போனோம்? லீட்டில் நான் இப்பவும் அவவுக்கு மேலேதானே? பிறகெப்படி அவ என்னை முந்தினா?”

அதற்குப் பதில்தான் இந்த மடல்.

ஒலிம்பிக்கில் இந்தப் பெருக்கலைக் கண்டது டோக்கியோவில். 2020இல் நடக்க வேண்டி, தொற்றுநோயால் 2021 ஓகஸ்டில் நடந்த ஒலிம்பிக். ஏற்ற விளையாட்டு அங்கேதான் முதன்முதலில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. வந்தபோது ஆண்களுக்கு ஒரு தங்கம், பெண்களுக்கு ஒரு தங்கம், அவ்வளவுதான் கொடுக்கப்பட்டது. இந்த விளையாட்டிலோ அதுவரை மூன்று தனித்தனி வீடுகள். மூன்று வீட்டுக்காரரையும் ஒரே பந்தியில் இருத்தி ஒரே இலையில் பரிமாறச் சொன்னால் என்ன நடக்குமோ, அது நடந்தது.

மூன்றும் எவ்வளவு வேறு என்பது எங்கள் ஆறு மீற்றர் பலகைச் சுவரில் தெரியாது. உண்மையான ஸ்பீட் சுவர் 15 மீற்றர் உயரம், உங்களை நோக்கி 5 பாகை சாய்ந்திருக்கும். உலகத்தில் எங்கே போனாலும் அதே பிடிகள், அதே இடங்களில். அதனால் அது ஓட்டப் பந்தயம் மாதிரி. வழி மனப்பாடம், மிச்சம் செக்கன் கணக்கு. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஏறுவார்கள், தோற்றவர் வெளியே. 2024இல் பாரிஸில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியனார்டோ 4.75 செக்கனில் ஏறித் தங்கம் எடுத்தார். பக்கத்தில் ஏறிய சீனத்து வூ பெங் 4.77. நாங்கள் வழுக்குமரத்தில் கிறீஸைத் துடைத்துத் துடைத்து ஏறும் நேரத்தில் அவர்கள் ஏறி இறங்கித் தேத்தண்ணியும் குடித்துவிடுவார்கள்.

போல்டரிங் நேர்மாறு. நாலு மீற்றர் அளவு உயரத்தில் ஒரு சிறிய சுவர், கயிறு இல்லை, கீழே மெத்தை. ஆனால் வழி புதிது, யாரும் முன்பு ஏறியதில்லை. கொடுத்த சில நிமிடங்களுக்குள் விழுந்து விழுந்து எத்தனை தடவையும் முயலலாம். பலத்தை விடப் புதிர் அவிழ்க்கிற மூளை வேண்டும். லீட்டில் கயிறு இடுப்பில், சுவர் உயரம், வழி புதிது, ஆனால் ஒரே ஒரு தடவைதான். விழுந்தால் முடிந்தது. எந்தப் பிடி வரை போனீர்கள் என்பதுதான் புள்ளி. 38ஆம் பிடியைப் பிடித்து நிலைத்தால் 38. அதிலிருந்து அடுத்ததை நோக்கி எம்பி, பிடிக்காமல் விழுந்தால் 38+. இந்தக் கூட்டல் குறியை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இடையில் ஒன்று. போல்டரிங்கிலும் லீட்டிலும் தன் முறை வரும்வரை ஏறுபவரை ஒரு அறைக்குள் தனியாக வைத்துவிடுவார்கள். முன்னால் போனவர் எங்கே வழுக்கினார் என்று பார்த்துப் படிக்கக் கூடாது. எங்கள் சின்னவள் நாலு பேர் ஏறுவதையும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ஏறினாள். அதற்கு அவளைக் குறை சொல்லவில்லை. ஏற்பாட்டாளர்களாகிய உங்களைத்தான் சொல்கிறேன்.

இனி 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி இரவு, ஆண்கள் இறுதிப் போட்டி. எட்டுப் பேர் தெரிவானார்கள். பிரான்சின் பஸ்ஸா மவேம் தகுதிச் சுற்று லீட்டில் கையின் தசைநார் அறுந்து வெளியேற, ஏறியது ஏழு பேர். ஏழு பேரும் எடுத்த இடங்களை ஸ்பீட், போல்டரிங், லீட் என்ற வரிசையில் எழுதுகிறேன். பேனையை எடுத்துக் கூட்டிப் பாருங்கள், பெருக்க வேண்டாம், கூட்டுங்கள்.

ஸ்பெயினின் ஹினெஸ் லோபெஸ் 1, 7, 4. அமெரிக்காவின் கோல்மன் 6, 1, 5. ஒஸ்திரியாவின் ஷூபர்ட் 7, 5, 1. ஜப்பானின் நரசாகி 2, 3, 6. பிரான்சின் மிக்கேல் மவேம், காயப்பட்டவரின் தம்பி, 3, 2, 7. செக் நாட்டின் ஒன்ட்ரா 4, 6, 2. அமெரிக்காவின் டஃபி 5, 4, 3.

கூட்டினீர்களா? ஹினெஸ் லோபெஸுக்கு 12. கோல்மனுக்கு 12. மவேமுக்கு 12. ஒன்ட்ராவுக்கு 12. டஃபிக்கு 12. ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒரே எண். மிச்சம் இரண்டு பேரில் நரசாகிக்கு 11, ஷூபர்ட்டுக்கு 13. இவ்வளவு பேர் இவ்வளவு நெருக்கமாக வந்த பட்டியலை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. சாதாரணமாகக் கூட்டியிருந்தால் தங்கம் நரசாகிக்கு, சொந்த நாட்டில், சொந்தச் சனத்துக்கு முன்னால். வெள்ளிக்கு ஐந்து பேர் வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஆனால் விதி பெருக்கல். ஹினெஸ் லோபெஸ் 28, தங்கம். அப்போது அவருக்கு 18 வயது. கோல்மன் 30, வெள்ளி. ஷூபர்ட் 35, வெண்கலம். நரசாகி 36, நாலாவது, பதக்கத்துக்கு ஒரே ஒரு எண் தூரம். மவேம் 42, ஒன்ட்ரா 48, டஃபி 60. கூட்டலில் முதல் ஆள் பெருக்கலில் நாலாவது, கூட்டலில் கடைசி ஆளுக்குப் பெருக்கலில் வெண்கலம்.

ஏன் பெருக்கினார்கள்? டஃபியைப் பாருங்கள், 5, 4, 3. எதிலும் மோசமில்லை, எதிலும் முதலில்லை, கடைசி. மூன்று பதக்கக்காரரையும் பாருங்கள், மூவரும் எதிலோ ஒன்றில் முதல். பெருக்கலில் 1 என்பது மந்திரம். அது மற்ற இரண்டையும் பெருப்பிக்காமல் அப்படியே விடும். 2 வந்தால் எல்லாம் இரட்டிக்கும். 6 இலிருந்து 7க்கு இறங்கினால் ஆறில் ஒரு பங்குதான் கூடும், 1 இலிருந்து 2க்கு இறங்கினால் மொத்தமே இரண்டு மடங்கு. ஒரே பதக்கம் என்று வந்தபிறகு, ஒரு பிரிவில் உலகத்திலேயே சிறந்தவரை “மற்றதில் நீ சுமார்” என்று சொல்லித் துரத்திவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது. தன் துறையில் முதல்வனுக்கு ஒரு கதவு. எண்ணம் நல்லதுதான்.

தம்பியின் கேள்விக்குப் பதிலும் அதே இடத்தில் இருக்கிறது. அவன் லீட்டில் 1 இலிருந்து 2க்கு இறங்கினான், அவனுடைய மொத்தம் இரண்டு மடங்கானது. அக்கா 2 இலிருந்து 3க்கு இறங்கினாள், அவளுடையது ஒன்றரை மடங்குதான் ஆனது. படி ஒன்றுதான், ஆனால் ஏணியின் உச்சிப் படி கீழ்ப் படியை விட விலை கூடியது. இரண்டு பேரையும் ஒரே அளவு தள்ளினாலும் மேலே நின்றவன் தூர விழுவான்.

டோக்கியோவில் இது எப்படி வந்தது என்று பாருங்கள். லீட்டில் கடைசியாக ஏறியவர் ஷூபர்ட். அவர் தரையில் நின்றபோது மற்ற ஆறு பேரும் ஏறி முடித்துவிட்டார்கள். லீட்டில் முன்னணி ஒன்ட்ரா, 42+. அவருக்கு அந்த நேரம் 4 × 6 × 1 = 24. ஹினெஸ் லோபெஸ் லீட்டில் மூன்றாவது, 1 × 7 × 3 = 21. அதாவது தங்கம் ஹினெஸ் லோபெஸ் பக்கம். ஷூபர்ட் ஏற ஏறக் கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டுகிறார். ஹினெஸ் லோபெஸின் 38+ஐத் தாண்டியதும் அவர் நாலாவதாகி 21 என்பது 28 ஆகிறது. ஒன்ட்ராவின் 24 அப்படியே இருக்கிறது. இப்போது தங்கம் ஒன்ட்ராவுக்கு. ஷூபர்ட் அடுத்த நாலு பிடிக்குள் எங்கே விழுந்தாலும் ஒன்ட்ரா ஒலிம்பிக் சம்பியன். உலகத்திலேயே மிகக் கடினமான பாறை வழிகளை ஏறியவர் என்று பேர் எடுத்த மனிதர், கீழே நின்று இன்னொருவரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஷூபர்ட் விழவில்லை. 42ஐத் தாண்டினார், உச்சியையும் பிடித்தார். ஒன்ட்ராவின் 1 இப்போது 2, 24 இப்போது 48. தங்கத்திலிருந்து ஆறாம் இடம். வெள்ளிக்கோ வெண்கலத்துக்கோ கூட இறங்கவில்லை, நேரே ஆறு. ஹினெஸ் லோபெஸ் சுவரைத் தொடாமலே தங்கத்தை இழந்து, சுவரைத் தொடாமலே திரும்ப எடுத்தார்.

உங்கள் கொட்டகையிலும் அதே இரவுதான் நடந்தது, மெத்தை மட்டும் பழசு.

அந்த ஒன்ட்ராவுக்கு ஸ்பீடில் நாலாவது இடம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு அரைகுறை. ஸ்பீடில் தகுதிச் சுற்று முதல்வர் கடைசி ஆளோடு மோத வேண்டும். முதல்வர் பஸ்ஸா மவேம், கடைசி ஆள் ஒன்ட்ரா. மவேம் காயத்தால் வராததால் ஒன்ட்ரா எதிராளி இல்லாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார். அங்கிருந்து நாலுக்குக் கீழே இறங்க வழியில்லை. ஸ்பீடில் அவரை விட வேகமானவர்கள் ஐந்து, ஆறு, ஏழில் கிடந்தார்கள். பெருக்கலில் அந்த 4க்கும் ஒரு 7க்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமில்லை.

நரசாகியின் கதை இன்னும் வயிற்றைப் பிசையும். அவர் அடிப்படையில் போல்டரிங்காரர். ஆனால் ஸ்பீட் சுவரின் தொடக்கத்தில் இடப்பக்கம் இருக்கிற ஒரு பிடியைத் தொடாமலே நேராக மேலே பாய்கிற முறையைக் கண்டுபிடித்தது அவர்தான். இன்றைக்கும் ஸ்பீட்காரர்கள் அவருடைய பேரிலேயே அதைச் சொல்கிறார்கள். இறுதியோட்டத்தில் அவரும் ஹினெஸ் லோபெஸும். நரசாகி வழுக்கிவிட்டார். வழுக்காமல் வென்றிருந்தால் அவருக்கு 1 × 3 × 6 = 18. ஹினெஸ் லோபெஸுக்கு 2 × 7 × 4 = 56. நாலாவது ஆள் தங்கத்துக்கும், தங்கக்காரர் ஆறாம் இடத்துக்கும் போயிருப்பார்கள். ஒரு காலின் ஒரு வழுக்கல்.

பெண்கள் பக்கம் அடுத்த நாள் நடந்தது. ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் போல்டரிங்கிலும் லீட்டிலும் முதல், ஸ்பீடில் ஐந்து. பெருக்கினால் 5. இரண்டாவது வந்த நொனாகாவுக்கு 45. இப்படி ஒருவர் வந்துவிட்டால் எந்த விதி வைத்தாலும் அவர்தான், அங்கே சண்டை இல்லை. சண்டை வெண்கலத்தில். ஜப்பானின் அகியோ நொகுச்சி மூன்றிலும் நாலாவது, 4 × 4 × 4 = 64. போலந்தின் அலெக்ஸாண்ட்ரா மிரோஸ்லாவ் ஸ்பீடில் உலக சாதனையோடு முதல், 6.84 செக்கன். மற்ற இரண்டிலும் எட்டுப் பேரில் எட்டாவது. 1 × 8 × 8 = 64. சமம். நேருக்கு நேர் பார்த்தால் மூன்றில் இரண்டில் நொகுச்சி மேலே, ஆகவே பதக்கம் நொகுச்சிக்கு. கூட்டிப் பார்த்தால் ஒருவருக்கு 12, மற்றவருக்கு 17, ஒப்பிடவே முடியாத தூரம். பெருக்கல் ஒரு துறை மேதையை எவ்வளவு தூக்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தத் தூக்கல் சரியா பிழையா என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன். மிரோஸ்லாவ் அன்று வென்றிருந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் லீட் சுவரில் எட்டாவது வந்தவர் ‘ஒட்டுமொத்த’ப் பதக்கம் வாங்குவதை அந்தச் சொல்லே தாங்காது.

இடத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பதில் உள்ள உண்மையான பலவீனம் கூட்டலோ பெருக்கலோ இல்லை. இடம் தூரத்தைச் சொல்லாது. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடையில் ஒரு விரல் இருந்தாலும் 1, 2. ஒரு பனை உயரம் இருந்தாலும் 1, 2. உயர்தரம் எழுதின வீட்டில் பிறந்த உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பௌதிகவியலும் உயிரியலும் எழுதியவனை இன்னொரு பாடத் தொகுதி எழுதியவனோடு ஒப்பிட, வெறும் இடத்தைப் பார்க்காமல் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கத்தானே இசட் புள்ளி வைத்திருக்கிறார்கள். அதிலும் ஆயிரம் முறைப்பாடு உண்டு, அது வேறு கதை.

பாரிஸில் பாடம் படித்தார்கள். ஸ்பீடுக்குத் தனிப் பதக்கம். மிரோஸ்லாவ் அங்கே தனக்கென்று இருந்த தங்கத்தை எடுத்தார். போல்டரிங்கும் லீட்டும் மட்டும் சேர்ந்தன, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, மொத்தம் 200. இடத்தைப் பெருக்குவது போய்ச் செய்ததற்குப் புள்ளி வந்தது. போல்டரிங்கில் நாலு புதிர், ஒவ்வொன்றுக்கும் 25. உச்சி தொட்டால் 25. உச்சி தொடாவிட்டாலும் வழியில் குறித்த முதல் பிடியை எட்டினால் 5, இரண்டாவதை எட்டினால் 10. வீணான ஒவ்வொரு முயற்சிக்கும் 0.1 குறையும். மூன்றாவது தடவையில் உச்சி என்றால் 24.8. லீட்டில் உச்சியிலிருந்து கீழே எண்ணுவார்கள். ஆக மேலே உள்ள பத்துப் பிடிக்கும் தலா 4, அதன் கீழ்ப் பத்துக்குத் தலா 3, அடுத்த பத்துக்கு 2, அடுத்த பத்துக்கு 1. 40, 30, 20, 10, மொத்தம் 100. அந்தக் கூட்டல் குறிக்கு 0.1.

இந்த முறையில் கணக்கைத் திருப்பிப் படிக்கலாம், அதுதான் எனக்குப் பிடித்தது. பாரிஸ் ஆண்கள் இறுதியில் ஜப்பானின் சொராட்டோ அன்ராகு போல்டரிங்கில் 69.3, இங்கிலாந்திலிருந்து வந்த டோபி ரொபேர்ட்ஸ் 63.1. அன்ராகு 6.2 முன்னே. லீட்டில் ரொபேர்ட்ஸ் 92.1. 100க்கு 8 குறை என்றால் உச்சிக்கு இரண்டு பிடி கீழே நின்று, அடுத்ததை நோக்கி எம்பி விழுந்திருக்கிறார். அன்ராகு 76.1, உச்சிக்கு ஆறு பிடி கீழே. இருவருக்கும் இடையில் நாலு பிடி, 16 புள்ளி. அதிலிருந்து 6.2ஐக் கழித்தால் 9.8. 155.2க்கும் 145.4க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மூன்றாவது ஆள் யார், எங்கே விழுந்தார் என்பது இந்த இருவருக்கும் இடையில் ஒரு புள்ளியையும் மாற்றாது. பச்சைச் சட்டைத் தம்பி கேட்ட கேள்வி இந்த முறையில் பிறக்கவே பிறக்காது.

ஆனால் இதற்கும் ஓட்டை உண்டு. இடத்தைப் பெருக்கும்போது வழி கடினமோ இலகுவோ முதல்வர் முதல்வர்தான். புள்ளி போடும்போது சுவரில் பிடி பூட்டுகிறவர் கையில் பாதி முடிவு போய்விடும். போல்டரிங் புதிர்களைப் பொல்லாததாக அமைத்தால் எல்லோருக்கும் 5, 10 என்று வரும், பிறகு லீட்தான் பதக்கம் கொடுக்கும். எல்லோரும் ஏறக்கூடியதாக அமைத்தால் அங்கே எல்லோரும் சமம், திரும்பவும் லீட்தான். பாரிஸ் பெண்கள் இறுதியில் ஜப்பானின் அய் மோரி, 154 சென்ரிமீற்றர் உயரம், முதல் புதிரின் தொடக்கப் பிடியையே எட்ட முடியாமல் துள்ளித் துள்ளிப் பார்த்து 0 எடுத்தார். பிறகு லீட்டில் 96.1 எடுத்தார், உச்சிக்கு ஒரு பிடிதான் குறை. மொத்தம் 135.1, நாலாவது. வெண்கலம் 147.4க்குப் போனது. 12.3 இடைவெளி, தொட முடியாத அந்த ஒரு புதிரின் பெறுமதி 25. உயரமும் விளையாட்டின் பகுதிதான் என்று சிலர் சொன்னார்கள். கூடைப்பந்தில் சரி. ஆனால் ஏற்றச் சுவரில் பிடியை ஒரு சாண் கீழே பூட்ட ஆறு திருகாணி கூட வேண்டியதில்லை என்பது சுவர் கட்டிய உங்களுக்குத் தெரியும்.

2028இல் லொஸ் ஏஞ்சலிஸில் மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம் என்று தீர்மானமாகிவிட்டது. அந்த ஒரே இலைப் பந்தி இரண்டு ஒலிம்பிக்கோடு ஒலிம்பிக் மேடையில் முடிகிறது. பெருக்கல் விதியை உலகமே கைவிட்ட பிறகு, நாங்கள் மட்டும் அதைக் கொட்டகைக்குள் வைத்து வளர்க்கிறோம்.

ஆனபடியால் என் யோசனை இது. ஸ்பீடைப் பிரித்துவிடுங்கள். செக்கனைப் புள்ளியாக மாற்றி மற்றதோடு சேர்க்க ஒழுங்கான வழி எனக்குத் தெரியவில்லை. எந்தச் சூத்திரம் போட்டாலும் அதை எழுதுகிறவர் விருப்பத்துக்கு வளையும். புதுவருஷப் போட்டியில் வழுக்குமரம் ஏறுகிறவனைச் சாக்கோட்டத்தில் வந்த இடத்தோடு யாரும் பெருக்குவதில்லையே. ஸ்பீடுக்குச் சின்னதாக ஒரு கோப்பை, முடியாவிட்டால் ஒரு பழக்குலை போதும்.

பெரிய கோப்பை போல்டரிங்கும் லீட்டும் சேர்ந்ததற்கு, 200 புள்ளிக்கு. எங்கள் லீட் வழியில் இருபது பிடிதான் இருக்கிறது. மேல் ஐந்துக்கு 8, அடுத்த ஐந்துக்கு 6, பிறகு 4, ஆகக் கீழே 2. அதுவும் 40, 30, 20, 10தான். போல்டரிங்கில் நாலு புதிர், 25 வீதம். தொடக்கப் பிடியை ஆகச் சின்னப் பிள்ளை எட்டி நிற்கும் உயரத்தில் பூட்டுங்கள். சின்னவளை நிறுத்திக் கையை நீட்டச் சொல்லி அளந்துவிட்டுத் துளை போடுங்கள். பிடியை ‘பிடித்தாள்’ என்பதற்கும் ‘தொட்டாள்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முடிவு செய்ய இரண்டு பேர் கீழே நிற்க வேண்டும். ஒருவர் சுவரின் பக்கவாட்டில் நிற்கட்டும், முன்னால் நிற்பவருக்கு முதுகுதான் தெரியும். போட்டிக்கு முதல் நாளே விதியைப் பலகையில் எழுதிக் கட்டுங்கள். நடுவில் யாரும் என்னிடம் வந்து “சேர், இப்ப யார் முன்னுக்கு?” என்று கேட்கக் கூடாது, பலகையைப் பார்த்துத் தாங்களே கூட்ட வேண்டும். ஏறப் போகிறவர்களைக் கொட்டகையின் பின் அறையில் இருத்துங்கள், போனை வாங்கி வையுங்கள். அந்த அறையில் மின்விசிறி வேலை செய்யவில்லை, அதையும் பார்க்க வேண்டும்.

உங்களில் சிலர் பின்னேரங்களில் கோட்டைக்குள் மான்களைத் தாண்டிப் போய், இராவணன் வெட்டுப் பக்கம் நின்று அந்தப் பாறையைக் கண்ணால் அளக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது கோணேசர் இருக்கிற மலை, கீழே ஆழக் கடல், பாறை உதிரும். பலகைச் சுவரில் 42+ எடுத்தவனுக்கும் அங்கே ஒரு புள்ளியும் இல்லை. அந்தப் பேச்சு இத்தோடு போதும்.

போன சனிக்கிழமைக் கோப்பை இப்போது என் வீட்டு மேசையில் இருக்கிறது. நாங்கள் ஏற்றுக்கொண்ட விதிப்படி அது உப்புவெளித் தங்கச்சிக்குத்தான். விதி பிடிக்கவில்லை என்பதற்காக முடிந்த போட்டியை நான் திருப்பி எழுத மாட்டேன். வந்து எடுத்துக்கொள்ளட்டும். பச்சைச் சட்டைத் தம்பியும் கூட வரட்டும், அவனுடைய மூன்று இடங்களையும் கொப்பியில் காட்டுகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலையிலேயே வாருங்கள், வெயில் ஏறுமுன். லீட் வழியின் இருபது பிடிக்கும் உச்சியிலிருந்து கீழாக இலக்கம் எழுத வேண்டும். வெள்ளைப் பெயின்ற் ஒரு சின்னத் தகரம், மெல்லிய தூரிகை ஒன்று. ஏணி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கணக்குச் சேர்